நாலு மணி நேரத்துக்கு ஒரு லெட்டர்

திருவொற்றியூர்
9-2-2025, ஞாயிறு

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதைப் பற்றி எழுதி ஒரு பக்கத்தை வீணாக்கப் போவதில்லை. அண்ணிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது நான் மீன் முள்ளை ஒழுங்காக எடுக்கவில்லை என்பது வரைக்கும் அவளுக்குத் தெரிகிறது.

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. போனில் எதைச் சொன்னாலும் "சரிண்ணா, சரிண்ணா" என்பாய், பாதி காதில் ஏறாது. அதனால்தான் எழுதுகிறேன். மடித்து டிபன் பையில் வைத்துக்கொள். காலையில் வேனில் கும்மிடிப்பூண்டி போய்ச் சேருவதற்குள் படித்து முடித்துவிடலாம்.

முதலில் திட்டிவிடுகிறேன். 21-ஆம் தேதி மருமகளுடைய ஸ்கூல் ஆண்டு விழாவுக்குப் போக, "காய்ச்சல்னு சொல்லி லீவு போட்டுடறேன்ணா" என்றாயே, அந்த யோசனையை இன்றைக்கே விட்டுவிடு. நான் டைம் ஆபீஸில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்து எழுந்தவன். வெள்ளிக்கிழமை காய்ச்சல் வருகிறவர்களை எங்களுக்கு நன்றாகத் தெரியும். சனிக்கிழமை வேலைக்குப் போனதும் இ.எஸ்.ஐ. டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்பார்கள். சீட்டு இருக்காது. அதற்குள் உன் வேனில் வருகிற ஒருத்தி, பாப்பா மேடையில் ஆடுகிறதையும் நீ கீழே நின்று போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறதையும் ஸ்டேட்டஸில் போட்டிருப்பாள். அதை உன் சூப்பர்வைசரும் பார்ப்பார். அன்றைக்குப் போகிற கூலியாவது மறுபடி சம்பாதிக்கலாம். உனக்கு நிஜமாகவே காய்ச்சல் வருகிற அன்று நீ சொல்வதை நம்ப அங்கே ஆள் இருக்காது.

இன்னொன்று. மகள் மேடை ஏறுகிறாள், பார்க்கப் போகிறேன் என்பது மறைக்கிற காரணமா? நீ ஏன் அதற்குக் கூச்சப்படுகிறாய் என்று எனக்குப் புரிகிறது. கேட்டு அவர்கள் இல்லை என்று சொல்லிவிட்டால் பிறகு போகவே முடியாதே என்ற பயம். கேட்காமல் போனால் திட்டு மட்டும்தான் என்று கணக்குப் போடுகிறாய். போன வருஷம் அந்தக் கணக்கு எப்படி முடிந்தது என்று நினைத்துப் பார்.

போன வருஷம் நடந்ததை நீ இன்னும் "சூப்பர்வைசர் வேணும்னே பண்ணிட்டார்ணா" என்றுதான் சொல்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீ சொன்னதை வைத்தே பிரித்துப் பார்த்தேன். அன்று காலையில் லெட்டரைக் கொண்டுபோய் லைன் லீடர் கையில் கொடுத்தாய். அவர் "சரி, சரி" என்றார். சூப்பர்வைசர் அன்றைக்கு வரவில்லை. மதியம் கேட்டில் செக்யூரிட்டி கேட் பாஸ் கேட்டார். உன்னிடம் இல்லை. முக்கால் மணி நேரம் நின்று கெஞ்சினாய், யாரோ போனில் சொல்லி, கடைசியில் சின்னக் கேட் வழியாக விட்டார்கள். வெளியே போகும்போது விரல் வைக்கிற மெஷினில் விரல் வைத்தாயா? வைக்கவில்லை. அவசரத்தில் ஓடிவிட்டாய்.

தப்பு நடந்தது அங்கேதான். அந்த மெஷினுக்கு உன் அழுகை தெரியாது. காலையில் உள்ளே வந்த பதிவு ஒன்று இருக்கிறது, வெளியே போன பதிவு இல்லை. ஒற்றைப் பதிவு இருந்தால் பல கம்பெனிகளின் கம்ப்யூட்டர் அந்த நாள் முழுவதையும் ஆப்சென்ட் என்று போட்டுவிடும். எங்கள் டைம் ஆபீஸிலும் அப்படித்தான். மாதா மாதம் இருபது முப்பது பேருக்கு இதே கதி. கையில் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்ட சீட்டு இருந்தால், சம்பளக் கணக்கு முடிக்கிறதுக்கு முன்னால் நாங்கள் அதைத் திருத்துவோம். சீட்டு இல்லாதவன் வந்து சத்தம் போடுவான், அடுத்த மாதம் பார்க்கலாம் என்போம். அந்த அடுத்த மாதம் வராது. உனக்குச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த நாற்காலியில் இருந்தவன் சொல்கிறேன், அப்படித்தான் நடக்கும்.

ஸ்கூலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள் என்றாய். பாப்பா முகத்தில் பவுடரோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள் என்றாய். அதை நீ ஒரே ஒரு தடவைதான் சொன்னாய். எனக்கு அது மறக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ கேட்கப் போவது லீவு இல்லை, பர்மிஷன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால்தான் எப்படிக் கேட்பது என்று தெரியும். லீவு என்பது சட்டத்தில் இருக்கிறது. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 79-ஆவது பிரிவு. போன வருஷத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால், வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு. 260 நாள் போயிருந்தால் 13 நாள் உன் கணக்கில் இருக்க வேண்டும். ஆனால் அதைக் கேட்க 15 நாள் முன்னால் எழுதிக் கொடுக்கணும், வருஷத்துக்கு மூன்று தடவைக்கு மேல் பிரித்துக் கேட்க முடியாது என்றும் அதே பிரிவில் இருக்கிறது. அது ஊர்த் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் போட்ட கணக்கு. சட்டம் நாளைத்தான் எண்ணுகிறது, மணியை எண்ணவில்லை. பிள்ளை ஸ்கூலுக்கு ஒரு மத்தியானம் போய் வருவதற்கு என்று நம் சட்டத்தில் எதுவும் இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் இதற்கென்றே சட்டம் வைத்திருக்கிறார்கள். 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடமானால் பிள்ளையின் ஸ்கூல் காரியத்துக்கு வருஷத்துக்கு 40 மணி நேரம் வரை போகலாம். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நமக்கு இருப்பது கம்பெனி வழக்கமும் சூப்பர்வைசர் மனசும்தான். அதனால்தான் லெட்டர் நன்றாக இருக்க வேண்டும் என்கிறேன்.

எழுதுவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் வாயால் கேட்டுத் தெரிந்துகொள். உங்கள் கம்பெனியில் மாதம் முழுக்க ஒரு நாளும் தவறாமல் வந்தால் தனியாக ஒரு தொகை தருகிறார்கள் அல்லவா, அந்த அட்டெண்டென்ஸ் போனஸ். பர்மிஷனில் போனால் அது போகுமா, அரை நாள் லீவு போட்டால் போகுமா என்று கேள். அந்தத் தொகை சட்டம் கொடுத்தது இல்லை, கம்பெனி தானாக வைத்தது. விதியும் அவர்களுடையது. சில இடத்தில் மாதத்துக்கு இரண்டு பர்மிஷன் வரை விடுவார்கள். சில இடத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் அரை நாள் என்று எழுதிவிடுவார்கள். போன வருஷம் உனக்கு ஒரு நாள் கூலியை விட அதுதான் பெரிய அடி, நீதான் கவனிக்கவில்லை. தெரிந்துகொண்டு போ. தெரிந்தும் போகலாம், அது வேறு விஷயம்.

ஆனால் கூலிக்குச் சட்டம் உண்டு. 1936-ஆம் வருஷத்து ஊதியப் பட்டுவாடாச் சட்டம், 9-ஆவது பிரிவு. வராத நேரத்துக்குத் தக்கபடிதான் பிடிக்கலாம், அதற்கு மேல் பிடிக்கக்கூடாது. உனக்கு ஒன்பது மணியிலிருந்து ஐந்தரை வரை ஷிப்ட். சாப்பாட்டுக்கு அரை மணி போனால் எட்டு மணி நேரம். ஒரு நாள் கூலி 480 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 60. நீ ஒன்றரைக்குக் கிளம்பினால் நாலு மணி நேரம், 240 ரூபாய். நாலு மணி நேரம் போனதற்கு முழு 480-ஐப் பிடிப்பது தப்பு. இதைச் சண்டைக்குச் சொல்லவில்லை. சம்பளச் சீட்டு வந்ததும் எந்த எண்ணைத் தேட வேண்டும் என்று உனக்குத் தெரிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

ஏன் ஒன்றரை என்கிறேன் என்றால், நீ "விழா மூன்றரைக்கு, மூணு மணிக்குக் கேட்டுக்கிறேன்" என்றாய். போகிற வழியை மறந்துவிட்டாய். கம்பெனி வேன் உனக்காக நடுவில் கிளம்பாது, ஷிப்ட் முடிந்தால்தான். நீ சிப்காட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு வர வேண்டும், ரயிலோ பஸ்ஸோ பிடித்துப் பொன்னேரி, அங்கே நின்று பழவேற்காடு பஸ். ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். பஸ் போன கையோடு நீ வந்து இறங்கினால் இன்னும் அரை மணி. மூன்று மணிக்கு என்று எழுதிவிட்டு ஒன்றரைக்குப் போய் நின்றால் சூப்பர்வைசருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? கேட்கிற நேரத்தை உண்மையாகக் கேட்டுவிடு. குறைத்துக் கேட்டால் சீக்கிரம் கொடுப்பார்கள் என்பது எல்லோரும் செய்கிற தப்பு.

இப்போது லெட்டர். போன வருஷம் நீ எழுதியதைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாயே, அதை மறுபடி பார்த்தேன். மூன்று பக்கம். "தாங்கள் கருணை கூர்ந்து" என்று மூன்று இடத்தில். உன் வீட்டுக்காரர் வலைக்குப் போகிறார், வருமானம் இல்லை, முகத்துவாரம் தூர்ந்து தண்ணீர் உள்ளே வரவில்லை, இறால் இல்லை, மாமியாருக்குச் சர்க்கரை, எல்லாம் இருக்கிறது. எத்தனை மணிக்குப் போகணும், எப்போது திரும்புவாய் என்பது மூன்றாம் பக்கத்தில் ஒரு மூலையில் இருக்கிறது. நீ எழுதியது எல்லாம் உண்மை, எனக்குத் தெரியும். ஆனால் அதைப் படிக்கிறவர் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு நின்றபடி படிக்கிறார். அவருக்கு வேண்டியது நாலே விஷயம். எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எதற்கு, அந்த நேரத்தில் மேசையில் யார் நிற்பது. அது கண்ணில் பட்டால் கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். படாவிட்டால் "அப்புறம் பார்க்கலாம்" என்று சட்டைப் பையில் வைப்பார். சட்டைப் பைக்குள் போன லெட்டர் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

நான் எழுதித் தருகிறேன். இதை அப்படியே உன் கையெழுத்தில் எழுது, ஒரு பக்கத்தில் பாதிதான் வரும்.

அனுப்புநர்: (உன் பெயர், டோக்கன் எண்), பேக்கிங் பிரிவு, ஜெனரல் ஷிப்ட்.
பெறுநர்: மேற்பார்வையாளர் அவர்கள், பேக்கிங் பிரிவு.
பொருள்: 21-02-2025 பிற்பகல் நான்கு மணி நேரம் அனுமதி வேண்டி.

ஐயா, வணக்கம். வரும் 21-02-2025 வெள்ளிக்கிழமை பிற்பகல் 3.30 மணிக்குப் பழவேற்காட்டில் என் மகள் படிக்கும் பள்ளியின் ஆண்டு விழா நடைபெறுகிறது. அவள் அதில் நடனத்தில் பங்கேற்கிறாள். நான் நேரில் கலந்துகொள்ள அன்று பிற்பகல் 1.30 மணி முதல் 5.30 மணி வரை அனுமதியும் கேட் பாஸும் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்த நேரத்தில் என் மேசை வேலையைப் பார்த்துக்கொள்ள, உடன் பணிபுரியும் (டோக்கன் எண்) சம்மதித்துள்ளார். மறுநாள் சனிக்கிழமை வழக்கம்போல் பணிக்கு வருவேன். பள்ளி அழைப்பிதழின் நகல் இணைத்துள்ளேன். நன்றி.

இடம், தேதி, கையெழுத்து. அவ்வளவுதான்.

"கருணை" எங்கே என்று கேட்பாய். வேண்டாம். நாலு மணி நேரத்துக்குக் கூலியை விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் போகிறாய், தர்மம் கேட்கவில்லை. மரியாதைக்கு "ஐயா", "வணக்கம்", "நன்றி" மூன்றும் இருக்கிறது, போதும். வீட்டுக் கஷ்டத்தை ஒரு நாள் உண்மையிலேயே எழுத வேண்டிவரும், அட்வான்ஸ் கேட்கும்போதோ ஆஸ்பத்திரிக்கோ. அதை இதில் செலவு பண்ணாதே.

உனக்குப் பதில் யார் நிற்பது என்ற வரிதான் இந்த லெட்டருக்கு உயிர். பேக்கிங் லைனில் ஒருத்தி நகர்ந்தால் அவளுக்கு முன்னால் பெட்டி குவியும், பின்னால் இருக்கிறவள் சும்மா நிற்பாள். சூப்பர்வைசர் பயப்படுவது அதற்குத்தான். பக்கத்து மேசைக்காரியிடம் முன்கூட்டியே பேசி வை, அவளுக்கு ஒரு நாள் நீ நில். சும்மா அவள் எண்ணை எழுதிவிடாதே. சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டுக் கேட்பார், அவள் முழித்தால் லெட்டர் போச்சு.

பெறுநர் யார் என்பதிலும் கவனம். உன் அடையாள அட்டையில் மேலே எந்தப் பெயர் அச்சடித்திருக்கிறது என்று பார். கம்பெனி பெயரா, கான்ட்ராக்டர் பெயரா? கான்ட்ராக்டர் என்றால் உன் வருகையைக் குறிப்பது அவருடைய சூப்பர்வைசர், அவருக்குத்தான் லெட்டர். லைன் லீடர் கம்பெனி ஆள். அவரிடம் வாயால் சொல்லிவை, ஆனால் அவர் "சரி" என்றது கேட்டில் செல்லாது. போன வருஷம் செல்லவில்லை, பார்த்தாயே.

இரண்டு பிரதி எழுது. புதன்கிழமை, 12-ஆம் தேதியே ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்கிக்கொள். கொடுக்கும்போது ஷிப்ட் ஆரம்பத்தில் கொடுக்காதே, அந்த நேரம் அவருக்குத் தலை சுற்றும். டீ இடைவேளை முடிகிற நேரம் நல்லது. 20-ஆம் தேதி சாயங்காலம் ஒரு தடவை ஞாபகப்படுத்து. 21-ஆம் தேதி காலையிலேயே கேட் பாஸை வாங்கி டிபன் பையில் வை. வெளியே போகும்போது விரலை வைத்து, மெஷினில் பச்சை விளக்கு எரிந்ததா என்று நின்று பார்த்துவிட்டுப் போ. சிவப்பு எரிந்தால் கையைத் துடைத்துவிட்டு மறுபடி வை. உன் விரல் சின்ன வயசிலிருந்தே இறால் உரித்து உரித்துத் தேய்ந்தது, ஒரு தடவையில் எடுக்காது.

இன்னொரு விஷயத்தை நீ விளையாட்டாகச் சொன்னாய், எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. "எங்க வேன்ல வர்றவங்க பாதிப் பேர் புள்ளைங்க அந்த ஸ்கூல்தாண்ணா, எல்லாரும் சேர்ந்து கிளம்பிட்டா என்ன பண்ணுவாங்க" என்றாய். அதே 9-ஆவது பிரிவில் ஒரு வாலும் இருக்கிறது. பத்துப் பேருக்குக் குறையாமல் பேசி வைத்துக்கொண்டு, முன்னறிவிப்பும் தகுந்த காரணமும் இல்லாமல் வேலையை விட்டுப் போனால், வேலை ஒப்பந்தத்தில் அப்படி நிபந்தனை இருக்கிற இடத்தில், எட்டு நாள் கூலி வரைக்கும் பிடிக்கலாம். பிள்ளை ஆட்டம் பார்க்கப் போனது வேலைநிறுத்தம் மாதிரி ஆகிவிடும். அதனால் சேர்ந்து போக வேண்டாம், சேர்ந்து பேசுங்கள். ஒவ்வொருத்தியும் தனித்தனி லெட்டர் கொடுக்கட்டும். ஒரே லைனில் நாலு பேர் இருந்தால், யாருடைய பிள்ளை மேடை ஏறுகிறதோ அவள் இந்தத் தடவை போகட்டும், மற்றவள் அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகட்டும். இந்தப் பாகப்பிரிவினை உங்களுக்குள் முடிந்துவிட்டால் சூப்பர்வைசருக்கு மறுக்க ஒன்றும் இருக்காது.

ஸ்கூல் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். டீச்சரிடம் போய், பாப்பாவுடைய நடனம் எத்தனையாவது என்று கேள். மூன்றரைக்கு ஆரம்பிக்கிற விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் வந்து சேர நாலரை ஆகும், அது வேறு. ஆனால் சின்னப் பிள்ளைகளைத் தூங்கிவிடுவார்கள் என்று முதலில் ஆட விட்டுவிடுவார்கள். போன வருஷம் அப்படித்தான் தவறியது. "நான் கும்மிடிப்பூண்டியிலிருந்து வரணும் டீச்சர், கொஞ்சம் பின்னால் வைங்க" என்று கேட்டால் வைப்பார்கள். கேட்டால்தான்.

பெற்றோர் கூட்டத்தைப் பற்றியும் நீ புலம்பினாய். அதில் உன் பக்கம் நியாயம் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்கணும், பாதிப் பேர் பெண்களாக இருக்கணும் என்று 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. 2022 மார்ச் 20-ஆம் தேதி தமிழ்நாடு முழுக்கப் பெற்றோரைக் கூப்பிட்டார்களே, அது ஞாயிற்றுக்கிழமை. நீ பூ வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்த போட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது. அதற்குப் பிறகு மாதக் கூட்டங்களை வெள்ளிக்கிழமை பிற்பகலில் வைத்துவிட்டார்கள். வீட்டில் இருக்கிற பெண்களை மனசில் வைத்துப் போட்ட நேரம் அது. பழவேற்காட்டுக் குப்பங்களில் இப்போது எத்தனை பெண்கள் வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டில் இருக்கிறார்கள்? பாதிப் பேர் வேனில் போய்விட்டார்கள், மீதிப் பேர் மீன் கூடையோடு பஸ்ஸில் போய்விட்டார்கள். இதைத் தலைமையாசிரியரிடம் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

ஆனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் நீயே பர்மிஷன் கேட்டு ஓட முடியாது. வருஷத்துக்கு இரண்டு தடவை கேட்டால் கொடுப்பார்கள். மாதா மாதம் கேட்டால் உன் பெயரைச் சொன்னாலே முகம் சுளிப்பார்கள். மச்சான் என்ன செய்கிறார்? விடிவதற்கு முன்னால் ஏரிக்குப் போனால் பத்து மணிக்குக் கரை ஏறிவிடுகிறார். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிற நாளில் தண்ணீரிலேயே இறங்கக்கூடாது என்று சொல்லிவிடுகிறார்கள், அன்றைக்கு முழு நாளும் திண்ணைதான். "நான் போய் டீச்சர்கிட்ட என்ன பேசறது" என்கிறாராம். ஒன்றும் பேச வேண்டாம். மார்க் அட்டையைக் கையில் வாங்கி, "எதுல கம்மி டீச்சர்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், மீதியை அவர்களே சொல்வார்கள். இந்த லெட்டரை அவரும் படிக்கட்டும், நான் எழுதினேன் என்று சொல். கோபித்துக்கொண்டால் நான் வந்து சமாதானம் செய்கிறேன்.

இதை எழுதும்போது நைனா ஞாபகம் வருகிறது. நீ அப்போது அம்மா இடுப்பில் இருந்தாய், உனக்குத் தெரியாது. நான் அஞ்சாவது படிக்கும்போது ஓட்டப் பந்தயத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கினேன். விழா அன்று நைனாவுக்கு ஏரியில் பாடு நாள். தலைக்கட்டு வரிசையில் நம் முறை வருகிற நாளில் வலை இறக்காவிட்டால், அடுத்த முறை சுற்றி வருகிற வரைக்கும் அந்த இடத்தில் கை வைக்க முடியாது. அந்த வாரச் சோறே அதில்தான். லீவு கேட்க ஆளும் இல்லை, எழுத லெட்டரும் இல்லை, ஏரியிடம் யார் பர்மிஷன் கேட்பது? நான் டம்ளரை வாங்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கும்போது காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே ஒரு தலை தெரிந்தது. முழங்கால் வரைக்கும் சேறு. உள்ளே வரவில்லை. பிறகு வீட்டில் கேட்டபோது, "நாத்தத்தோட எப்படிடா உள்ள வர்றது" என்றார். வலையைச் சித்தப்பாவிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு ஓடி வந்தாராம். அன்றைக்கு நமக்குப் பங்கு குறைந்தது என்று அம்மா ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த டம்ளரில்தான் நீ பிறகு பால் குடித்தாய்.

டைம் ஆபீஸில் இருந்த இருபத்தாறு வருஷத்தில் இந்த மாதிரி சீட்டு என் கைக்கு எவ்வளவோ வந்திருக்கிறது. என் மகன் ஸ்கூலுக்கு என்று நான் ஒரு சீட்டு எழுதியதில்லை. பக்கத்து நாற்காலியில்தான் மேனேஜர், கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். அண்ணிதான் எல்லாவற்றுக்கும் போனாள். அவன் இப்போது அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அவன் கல்யாண வீடியோவைப் பார்க்கும்போது அண்ணி ஒரு தடவை, "இவன் ஸ்கூல்ல கட்டபொம்மன் வேஷம் போட்டான், உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது.

அதனால் 21-ஆம் தேதி நானும் வருகிறேன். எனக்கு யாரிடமும் பர்மிஷன் கேட்க வேண்டியதில்லை, முழங்காலிடம் மட்டும்தான். மத்தியானமே வந்து முன் வரிசையில் இரண்டு நாற்காலி பிடித்து வைக்கிறேன். பஸ் தாமதமானால் பதற வேண்டாம், பாப்பா மேடையிலிருந்து பார்க்கும்போது தாய்மாமன் முகமாவது தெரியும். ஆனால் என்னைக் காரணம் காட்டி நீ வராமல் இருந்துவிடாதே, அதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

லெட்டரை எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து அனுப்பு, செவ்வாய்க்கிழமைக்குள். கொடுப்பதற்கு முன்னால் நான் ஒரு தடவை பார்க்கிறேன். அண்ணி உனக்குக் கொஞ்சம் கொத்தமல்லிப் பொடி அரைத்து வைத்திருக்கிறாள், வரும்போது எடுத்து வருகிறேன். மடவைக் கருவாடு கிடைத்தால் எடுத்து வை. கிடைக்காவிட்டால் கடையில் வாங்காதே, மருந்தடித்தது.

உன் அண்ணன்

பி.கு.: போன வருஷத்து லெட்டரின் போட்டோவை இப்போது மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று பக்கம் எழுதியவள் கீழே கையெழுத்துப் போடவில்லை.